‘சத்தம் கேக்கலைன்னா நம்பரை எழுதாதே!’ - ஜூனியருக்கு சீனியர் அக்கா எழுதிய கடிதம்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் விடிகாலையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும். நைட் ஷிஃப்ட் முடித்தவர்களில் சிலர் தலைசுற்றலோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அப்படி ஒரு ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை முதல் போஸ்ட்டிங். முதலாமாண்டு நர்ஸிங் மாணவிக்குத் தூக்கம் போய்விட்டது. பயம் ரத்தத்தைப் பார்த்து அல்ல, பி.பி பார்ப்பதை நினைத்துத்தான். லேபில் தோழிகளின் கையில் பார்த்தபோதே அவளுக்குச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை.

அவளுக்கு ஹாஸ்டல் சீனியர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறுதல் வார்த்தைகள் குறைவு. தன் தவறிலிருந்தே தொடங்குகிறார்.

“என் முதல் வாரத்துல, நைட் ஷிஃப்ட் முடிச்சு மயக்கமா வந்த ஒரு பொண்ணுக்கு பி.பி பார்த்தேன். ஒண்ணுமே கேக்கலை. வெட்கப்பட்டு 120/80-னு எழுதிட்டேன். சிஸ்டர் மறுபடி பார்த்தா 88/56. ராத்திரி முழுக்க அவ சாப்பிடவே இல்லை. என் நம்பரை நம்பியிருந்தா அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

அதனால முதல்ல ஸ்டெத்தை எடுக்காதே. அஞ்சு நிமிஷம் உட்கார வை. காலைக் குறுக்கே போட வேண்டாம், கை நெஞ்சு உயரத்துல இருக்கட்டும். பேசினாலும் பி.பி ஏறும். இந்திக்காரங்கன்னா ‘பாத் மத் கீஜியே’ போதும்.

முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல கஃப் கட்டு. மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கிட்டே காத்தடி. 90-ல நாடி நின்னா, காத்தை முழுசா இறக்கு. ஒரு நிமிஷம் விட்டு, ஸ்டெத்தை வெச்சு 120 வரை ஏத்து. செகண்டுக்கு ரெண்டு மூணு புள்ளியா மெதுவா இறக்கு. முதல் ‘டக்’ மேல் அளவு, சத்தம் மறையற இடம் கீழ் அளவு.”

நாடியை ஏன் முதலில் தொட வேண்டும்? பி.பி அதிகமுள்ள சிலருக்கு 180-ல் கேட்கும் சத்தம் 160-ல் மறைந்து, 140-ல் திரும்ப வரும். 150 வரை மட்டும் ஏற்றினால் 140 என்றுதான் பதிவாகும். நாடி இந்த இடைவெளியில் ஏமாற்றாது. இந்தச் சத்தத்தை வைத்து அளக்கலாம் என்று ரஷ்ய சர்ஜன் கொரோட்காஃப் சொன்னது 1905-ல்தான். அதற்கு முன் நாடியைத் தொட்டுத்தான் பார்த்தார்கள். அதில் கீழ் அளவு தெரியாது.

“அப்பவும் கேக்கலைன்னா, ஸ்டெத் முனை மூக்குப் பக்கம் பார்த்து இருக்கான்னு பாரு. வட்டைத் தட்டிப் பாரு. முழங்கை மடிப்புல, சுண்டுவிரல் பக்கமா நாடி துடிக்கிற இடத்துல வை. பாதியில மறுபடி காத்தடிக்காதே. ரெண்டு தடவை பார்த்தும் கேக்கலையா, ‘சிஸ்டர், எனக்குக் கேக்கலை’னு சொல்லு. அந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும்.

செகண்ட் முள்ளு இருக்கிற வாட்ச் ஒண்ணு வாங்கிக்கோ. என்னோடது நின்னுபோச்சு, இல்லைன்னா கொடுத்திருப்பேன்.”