வராமல் போனவருக்கு ஒரு மடல்

மாதாமாதம் அரைக் கிலோ காபித்தூள் வாங்கியவர் மூன்று மாதமாக எட்டிப் பார்க்கவில்லை என்றால், இணையக் கடைக்காரர் எழுதலாம். (புடவைக் கடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) தலைப்பு, ‘இப்போது 100 கிராம் பாக்கெட்டும் உண்டு’ என்றிருந்தால் போதும். உள்ளே அவர் கடைசியாக வாங்கிய தூளின் பெயர், இந்த ஒரு முறை கூரியர் செலவு கடையுடையது என்ற வரி, இனி மடல் வேண்டாம் என்பவருக்கு ஓர் இணைப்பு. பாதி விலைக்குக் கொடுத்தால் அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்.

எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, பார்க்காத மடலையும் திறந்ததாகக் காட்டிவிடக்கூடும். ஆர்டர்களை எண்ணுங்கள். இரண்டாம் மடலுக்கும் அசைவில்லையா? பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எரிச்சலில் நாலு பேர் ‘ஸ்பேம்’ என்று அழுத்தினால், தவறாமல் வாங்குபவருக்குப் போகும் மடலும் அந்தப் பெட்டிக்குள் விழத் தொடங்கும்.