லோடு குறைந்தால் எடைச்சீட்டே சாட்சி

கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலிருந்து பூந்தமல்லி கம்பிக் கடைக்கு வரும் லோடு எடைக்கணக்கில்தான் விற்பனையாகிறது. வந்த சரக்கில் எடை குறைந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்தக் கோரிக்கைக்கான ஆதாரத்தைச் சரக்கு இறங்குவதற்கு முன்பே தேடிக்கொள்ள வேண்டும். பிரித்து அடுக்கிய கம்பியைப் பிறகு எடை போட்டுக் காட்டினால் எந்த ஆலையும் ஏற்காது.

வண்டி வந்ததும் தார்பாயை அவிழ்க்காமல், அருகிலுள்ள எடைமேடையில் மொத்த எடை போட வேண்டும். சரக்கை இறக்கியபின் அதே மேடையில் காலி வண்டியின் எடையையும் எடுக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள காலி எடையைக் கழிப்பது வீண் வேலை. முன்சக்கரம், பின்சக்கரம் என இரண்டு தவணையாக நிறுத்தும் சிறிய மேடையின் சீட்டும் தகராறில் நிற்காது.

ஓர் உதாரணம். ஆலைச் சீட்டில் மொத்தம் 30,480 கிலோ, காலி வண்டி 10,360, நிகரம் 20,120. பூந்தமல்லிச் சீட்டில் மொத்தம் 30,280, காலி வண்டி 10,300, நிகரம் 19,980. மொத்த எடைகளை மட்டும் ஒப்பிட்டால் 200 கிலோ குறைவதாகத் தோன்றும். அதில் 60 கிலோ, வழியில் இறங்கிக்கொண்ட கிளீனரும் எரிந்த டீசலும். நிகரத்தை நிகரத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும் 140 கிலோதான் உண்மையான குறை. பத்துப் பத்து கிலோவாகக் காட்டும் மேடைகளுக்கிடையே சில பத்து கிலோ வித்தியாசம் இயல்பு. 140 அந்தக் கணக்கில் அடங்காது.

டிரைவர் கிளம்புமுன் லாரி ரசீதின் பின்புறம் குறையை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். அன்றே ஆலைக்கு அனுப்பும் கடிதத்தில் பில் எண், வண்டி எண், இரு நிகர எடைகள், குறை, விலை ஆகியவை இருந்தால் போதும். கிலோ 55 ரூபாய் என்றால் 7,700 ரூபாய், 18% ஜி.எஸ்.டி. 1,386 சேர்த்து 9,086. ஒப்பந்தத்தில் கழிவு அளவு பேசியிருந்தால் அதற்கேற்பத் தொகை மாறும். இரு எடைமேடைச் சீட்டுகளையும் ரசீது நகலையும் இணைக்க வேண்டும். தெர்மல் தாள் சீட்டு சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் நகல் எடுத்துவிடுவது நல்லது. எடைமேடையின் ஆண்டு முத்திரைச் சான்றின் படமும் இருந்தால் ஆலை தரப்பு, மேடையைக் குறை சொல்ல முடியாது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, குறைவாக வந்த சரக்கை ஏற்றுக்கொண்டவர் ஏற்ற அளவுக்கு மட்டும் விலை கொடுத்தால் போதும். கடைக்காரர் அனுப்பும் டெபிட் நோட் வெறும் தகவல்தான். வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டை விற்றவரே போட வேண்டும். வாங்கியவர் அந்தப் பங்குக்கான உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள் கணக்கில் காட்டாத கிரெடிட் நோட்டுக்கு வரிக்குறைப்பு கிடையாது.