ஒரு மணி என்றால் யாருக்கு ஒரு மணி?

சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 240 பேருக்கு மருத்துவர் கருத்தரங்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். விருந்துக்கு வேண்டிய எல்லா விவரங்களையும் விற்பனைப் பிரிவு ஒரு தாளில் எழுதி எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பும். ஓட்டல்காரர்கள் இதை எஃப்.பி. என்பார்கள், பெரிய ஓட்டல்களில் பி.இ.ஓ. தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அடுப்படியிலும் ஹாலிலும் நிற்பவர்கள் பேசுவதோ தமிழ். அதனால் தமிழிலும் ஒரு தாள் போடுகிறார்கள்.

ஆங்கிலத் தாளில் 'லஞ்ச் பஃபே 13.00' என்று இருக்கிறது. தமிழில் அது 'மதிய உணவு 1 மணி' ஆகிறது. மொழிபெயர்ப்பில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அடுப்படியில் இருப்பவர் 1 மணிக்குச் சாப்பாட்டை அனுப்பினால் போதும் என்று நினைக்கிறார். பரிமாறுபவரோ 1 மணிக்கு விருந்தினர் தட்டை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறார். கதவு திறக்கும்போது சேஃபிங் டிஷ்ஷில் வெந்நீர் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். பயந்துபோய் அடுத்த முறை 12 மணிக்கே அனுப்பினால், மூடியில் கோத்த நீர் சொட்டிச் சொட்டி பிரியாணி நசநசத்துப் போகும்.

இதற்கு வழி, ஒரு நேரத்தை மூன்றாகப் பிரித்து எழுதுவதுதான்: 'அடுப்படியிலிருந்து கிளம்ப 12.30, பஃபேயில் வைத்து முடிக்க 12.45, விருந்தினருக்குத் திறக்க 1.00'. இப்படிப் பிரிப்பதை மொழிபெயர்ப்பவர் தானாக ஊகித்துச் செய்யக் கூடாது. செஃப்பையும் பாங்க்வெட் கேப்டனையும் கேட்டு, அதே மூன்று நேரங்களை ஆங்கிலத் தாளிலும் ஏற்ற வேண்டும்.

மேஜை விஷயம் இன்னும் நுணுக்கமானது. 'கிளஸ்டர், 6 பேர்' என்றால், வட்ட மேஜையில் மேடைக்கு முதுகு காட்டும் பக்கத்தைக் காலியாக விட்டு, மற்றப் பக்கங்களில் மட்டும் ஆறு நாற்காலி போடுவது. 'வட்ட மேஜை' என்று மட்டும் தமிழில் எழுதிவிட்டால், வழக்கப்படி மேஜைக்குப் பத்து நாற்காலி போட்டு 24 மேஜையோடு நிறுத்திவிடுவார்கள். வேண்டியதோ 40 மேஜை. பாதிப் பேர் மேடையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். 'கிளஸ்டர்' என்ற சொல்லைப் பையன்கள் தினமும் பேசுகிறார்கள். அதை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் படம் வரைவது நல்லது. அதேபோல 'ஜெயின் 20' என்பதைச் 'சைவம் 20' என்று எழுதிவிட்டால், வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் அந்தத் தட்டுக்குப் போய்விடும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. முந்தைய நாள் மாலை வாடிக்கையாளர் சாப்பாட்டை 1.30-க்குத் தள்ளுகிறார். ஆங்கிலத் தாள் மாறுகிறது. அடுப்படிச் சுவரில் பழைய தமிழ்த் தாளே தொங்குகிறது. அதனால் இரண்டு தாளிலும் மேலே ஒரே திருத்த எண் இருக்க வேண்டும். புதியதை ஒட்டுபவரே பழையதைக் கிழித்துக் கையோடு எடுத்துப் போக வேண்டும். காலைக் கூட்டத்தில் கேப்டன் தமிழ்த் தாளை உரக்க வாசிக்க, செஃப் ஆங்கிலத் தாளில் விரல் வைத்துச் சரிபார்த்தால், ஐந்து நிமிடத்தில் பிசகு தெரிந்துவிடும்.