செவ்வந்திச் சரத் திரை: வாசலுக்கும் மேடைக்கும்

செவ்வந்திச் சரத் திரை என்பது ஒரு தடியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடப்படும் பூச்சரங்களின் தொகுதி. தோரணம் வாசலுக்குக் குறுக்கே ஓடும். திரையில் சரங்கள் மேலிருந்து நேராகக் கீழே இறங்கும். இந்த ஒரு வேறுபாட்டால் கட்டும் முறையே மாறிவிடுகிறது. நேராகத் தொங்கும் சரத்தில் பூக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்கின்றன. நூல் வழுக்கினால் சரத்தின் முழுப் பாரத்தையும் அடியிலுள்ள ஒற்றைப் பூவே தாங்கவேண்டி வரும். ஆகவே திரை கட்டும் வேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாரம் எங்கே போகிறது என்பதுதான்.

இங்கே செவ்வந்தி என்பது தமிழ்நாட்டில் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்று வழங்கும் மஞ்சள், செம்மஞ்சள் நிறப் பெரிய பூ. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி போர்த்துக்கேயர் காலத்தில் இந்தியக் கரைகளுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. ஒரு பூ என்று கையில் எடுப்பது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த ஒரு கொத்து. அந்தச் சிறு பூக்கள் எல்லாவற்றையும் அடியில் பச்சைக் கிண்ணம் ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. மல்லிகையையும் முல்லையையும் நூலால் முடிந்து கட்டும் கைகள் செவ்வந்தியை ஊசியால் கோப்பதற்கு இந்தக் கிண்ணமே காரணம். ஊசி அதன் நடுவால் போனாலும் இதழ்கள் கலையாமல் நிற்கும்.

வவுனியா வடக்கில், புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் உள்ள நெடுங்கேணியை எடுத்துக்கொள்வோம். நகரத்துப் பூக்கடை தொலைவில் இருப்பதால், இப்படியான ஊரில் வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் செடிகளை நம்பியே திரையைத் திட்டமிடுவது நல்லது. செவ்வந்தி விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். கொண்டாட்ட நாளில் செடி நிறைந்த பூவோடு நிற்க, இரண்டரை மாதத்துக்கு முன்பே விதை போடவேண்டும். ஒரு செடியில் ஒரே காலையில் ஐந்து நல்ல பூக்கள் கிடைக்கும் என்று வைத்தால், 60 செடிகளில் 300 பூக்கள் வரும். ஒரு வாசலுக்கு அது போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

வாசலின் அகலம் 90 சென்ரிமீற்றர், உயரம் 210 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். 9 சென்ரிமீற்றர் இடைவெளியில் 9 சரங்கள் வரும். ஆட்கள் போய்வரும் வாசலில் எல்லாச் சரத்தையும் ஒரே நீளத்தில் விடமுடியாது. இரு ஓரத்துச் சரங்கள் 150 சென்ரிமீற்றர், அவற்றுக்கு அடுத்தவை 100, அதற்கடுத்தவை 50, நடுவில் உள்ள மூன்றும் 30 என்று குறைத்துக்கொண்டு வந்தால் நடுவில் தலை தட்டாத வழி கிடைக்கும். இவை எல்லாவற்றின் நீளத்தையும் கூட்டினால் 690 சென்ரிமீற்றர். நடுத்தரப் பூக்களை நெருக்கிக் கோத்தால் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 40 பூக்கள் போகும். ஆகவே தேவை 276 பூக்கள். ஒரு பூ ஏறத்தாழ 7 கிராம் என்றால் முழுத் திரையும் 2 கிலோவுக்குள் அடங்கும். 60 செடி வைத்த வீட்டில் இந்த வாசல் நிறைந்து, கழிவுக்கும் கொஞ்சம் பூ மிஞ்சும்.

பூவைக் காலையில், பனி உலர்ந்த பின்பும் வெயில் ஏறும் முன்பும் பறிக்கவேண்டும். அப்போதுதான் இதழ்களில் நீர் நிறைந்திருக்கும்; மேற்பரப்பிலும் ஈரம் இராது. ஈரத்தோடு குவித்த பூக்கள் ஒன்றையொன்று அழுத்திச் சூடேறி, இதழின் ஓரம் கபில நிறமாகும். பறித்த பூவை நனைத்துப் பிழிந்த துணியால் மூடி நிழலில் பரப்பி வைத்தால் போதும். பூவைத் தெரிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெளிவரிசை இதழ் ஒன்றை மெதுவாக இழுத்தால், நல்ல பூ அதை விடாது. இதழ் உடனே கழன்று வந்தால் பூ முற்றிவிட்டது. தொங்கவிட்ட சில மணி நேரத்தில் உதிரும். பச்சைக் கிண்ணத்தை விரலால் நெரித்துப் பார்க்கும்போது அது மெத்தென்று அமிழ்ந்தாலும் அந்தப் பூ கோப்புக்கு ஆகாது.

நூல் பருத்தி நூலாக இருப்பது நல்லது, இரட்டையாக எடுக்கவேண்டும். தங்கூசி எனப்படும் நைலோன் இழை உறுதியானது, ஆனால் வழவழப்பானது. பூ அதில் நிற்காமல் கீழே சறுக்கும். இறுக்கும்போது மெல்லிய கத்தி போலக் கிண்ணத்தை அறுத்தும்விடும். பருத்தி நூலின் சொரசொரப்புப் பூவைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் பட்டால் பருத்தி நூல் உறுதி குறைவதில்லை, கூடுகிறது. ஊசி நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கவேண்டும். சாக்குத் தைக்கும் ஊசி கிண்ணத்தைப் பிளந்துவிடும்.

கோப்பதை அடியிலிருந்து தொடங்கவேண்டும். இரட்டை நூலின் முனையில் ஒரு சிறு காம்புத் துண்டைக் குறுக்காக வைத்து முடிச்சுப் போட வேண்டும். இந்தத் துண்டு ஒரு பொத்தானைப் போலப் பாரத்தைப் பரப்பும். அது இல்லாவிட்டால் வெறும் முடிச்சு பூவின் நடுவைத் துளைத்துக்கொண்டு மேலேறிவிடும். சரம் முழுவதும் கொட்டிப்போகும். பூவின் காம்பை ஒட்ட நறுக்கிவிட்டு, ஊசியை முகத்தின் நடுவால் ஏற்றிக் கிண்ணத்தின் அடியால் வெளியே எடுக்கவேண்டும். அப்போது பூ நிலத்தைப் பார்த்துக் கவிழ்ந்து நிற்கும், முடிச்சும் இதழுக்குள் மறையும். அடுத்த பூவையும் அதே திசையில் ஏற்றினால் அதன் முகம் முந்தைய பூவின் பச்சைக் கிண்ணத்தின்மேல் அமரும். பச்சை எங்கும் தெரியாது. திசை மாற்றிக் கோத்தால், கீழிருந்து பார்ப்பவர்களுக்குக் கிண்ணங்களே வரிசையாகத் தெரியும்.

ஒவ்வொரு பன்னிரண்டு பூவுக்கும் ஒருமுறை, ஊசியை அந்தப் பூவின் கிண்ணத்துக்குக் குறுக்காகக் குத்தி எடுத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் பூ நூலோடு பூட்டப்பட்டுவிடும். அதற்கு மேலுள்ள பூக்களின் பாரம் அங்கேயே நின்றுவிடுவதால் கீழ்ப்பூ நசுங்காது. சரியாகப் பூட்டிய சரத்தை மேல் நுனியில் பிடித்து ஒருமுறை உதறினால் பூக்களிடையே வெளி தோன்றக்கூடாது. மேல்பகுதியில் நூல் தெரிந்து அடியில் பூக்கள் நெருங்கினால் சரம் சறுக்குகிறது என்று பொருள். அதை அவிழ்த்துக் கோப்பதே ஒரே வழி. கட்டுவதற்கு மேலே 30 சென்ரிமீற்றர் வெறும் நூல் விடவேண்டும்.

வாசல் திரைக்குத் தடி பெரிய சிக்கல் அல்ல. நிலையைவிடச் சற்று நீளமான நேர்த்தடி ஒன்றை வெளிப்புறத்தில் இரு கொழுக்கிகளில் மாட்டினால் கதவையும் சாத்தலாம், திறக்கலாம். தடியைச் சுற்றிச் சணல் கயிறு அல்லது பழந்துணி சுற்றவேண்டும். வழவழப்பான தடியில் சரங்கள் நடுவை நோக்கி நகர்ந்து கூடிவிடும். சரம் கட்டவேண்டிய இடங்களை முதல் நாளே தடியில் குறித்து வைத்தால், காலையில் அளந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. நடுச்சரத்தை முதலில் கட்டி, பிறகு இரு புறமும் மாறிமாறிக் கட்டிக்கொண்டு போனால் தடி சாயாது.

மேடைக்கு வரும்போது கணக்கு வேறாகிறது. மணவறைக்குப் பின்னால் எட்டு அடி அகலத்தில் ஆறு அடி நீளச் சரங்களை மூன்று அங்குல இடைவெளியில் தொங்கவிடுவதானால் 33 சரங்கள் வேண்டும். ஒரு சரத்துக்கு ஏறத்தாழ 72 பூக்கள். மொத்தம் 2,400 பூக்களை நெருங்கும். பாரம் 16, 17 கிலோ. ஒருவர் ஒரு சரத்தை எட்டு நிமிடத்தில் கோத்தால் தனியாக நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான வேலை. நான்கு பேர் அமர்ந்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும்.

இந்தப் பாரத்தைச் சுமக்கும் தடியில்தான் பெரும்பாலான மேடைத் திரைகள் தவறிப்போகின்றன. ஒரே தடியில் ஒரே இடைவெளியில் சரம் கட்டும்போது, தாங்கல்களுக்கு இடையிலான நீளம் இரண்டு மடங்கானால் நடுவில் விழும் தொய்வு 16 மடங்காகும். வாசலில் நேராக நின்ற தடி மேடையில் வில்லாக வளைவது இதனால்தான். ஓர் அங்குலப் பிவிசி குழாய் எட்டு அடிக்கு இந்தப் பாரத்தோடு ஓர் அடிக்கு மேலும் தொய்யும். வெயிலில் இன்னும் இளகும். அதே நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் தடிப்பான முற்றிய மூங்கில் இரண்டு சென்ரிமீற்றர் அளவே வளையும். மூங்கில் கிடைக்காவிட்டால் குழாயின் நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால் தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். தாங்கலைப் பந்தலின் மேல்கட்டில் கட்டித் தொங்கவிட்டால் முன்னால் எதுவும் தெரியாது.

பூ இவ்வளவு சேராதபோது இடைவெளியைக் கூட்டுவதே முறை. ஆறு அங்குலத்துக்கு ஒரு சரமாக்கினால் பூவும் பாரமும் ஏறத்தாழப் பாதியாகும். இடையில் குருத்தோலைக் கீற்றுகளையோ மாவிலைச் சரங்களையோ விட்டால் வெறுமை தெரியாது. பின்னால் வெள்ளைத் துணி கட்டுவதானால் சரத்துக்கும் துணிக்கும் இடையே ஒரு சாண் இடம் விடவேண்டும். நசுங்கிய செவ்வந்தி துணியில் மஞ்சள் கறை வைக்கும். காற்றோட்டம் இல்லாவிட்டால் பூவும் விரைவில் வேகும்.

வன்னியில் ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் சோளகக் காற்று திறந்த பந்தலில் சரங்களை ஆட்டி ஒன்றோடொன்று பின்னிவிடும். மேடைத் திரையில் அடிப்பூக்களுக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய நூலைக் குறுக்காக ஓடவிட்டு, ஒவ்வொரு சரத்தையும் அதில் ஒருமுறை சுற்றிக்கொண்டு இரு ஓரத் தூண்களிலும் கட்டினால் சரங்கள் தம் இடத்தில் நிற்கும். வாசலில் இதைச் செய்யக்கூடாது, கால் தடுக்கும். குத்துவிளக்கு திரையிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி இருக்கவேண்டும். பருத்தி நூலில் நெருப்புப் பிடித்தால் சரம் எரிந்தபடி விழும். சூடேறும் பெரிய மின்குமிழ்களும் அருகில் ஆகா. அவற்றின் முன்னுள்ள பூக்களே முதலில் வாடும்.

தொங்கவிட்ட பின் தண்ணீரை வாரி ஊற்றுவது பெரிய பிழை. இதழ்களுக்கிடையே தங்கும் நீர் சரத்தின் பாரத்தைக் கூட்டும், மறுநாள் அழுகலையும் கொண்டுவரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலால் தெளிக்கும் அளவு போதும். காலையில் கட்டிய திரை அன்று இரவு வரை நிறம் மாறாமல் நிற்கும். மறுநாள் கிண்ணம் மெத்தென்றாகி, இதழின் ஓரம் கருகத் தொடங்கும். அப்போது சரத்தை நூலோடு சேர்த்து அப்படியே எருக்குழியில் போட்டுவிடலாம். பூவோடு பருத்தி நூலும் மண்ணாகிவிடும்.