பொடி வியாபாரத்துக்கு எந்த நம்பர்?

வீட்டிலேயே இட்லிப்பொடியும் ஊறுகாயும் செய்து விற்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். பாக்கெட் லேபிளில் அச்சாகியிருப்பது அவருடைய சொந்த நம்பர். ராத்திரி பத்து மணிக்கும் "அரை கிலோ பருப்புப்பொடி இருக்காக்கா?" என்று போன் வருகிறது. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அவர் வீட்டு விசேஷப் படங்கள் ஸ்டேட்டஸாகப் போய்ச் சேர்கின்றன. தனி நம்பர் வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இருக்கிற போனில் இன்னொரு சிம் போடலாம், அல்லது இணையம் வழியாக ஒரு விர்ச்சுவல் நம்பரை வாடகைக்கு எடுக்கலாம்.

சிம் வழி எளிது. இப்போது விற்கும் போன்களில் பெரும்பாலானவை இரண்டு சிம்முக்கு இடம் தருகின்றன, பல மாடல்களில் இசிம்மும் உண்டு. புது நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் பதிவு செய்துகொண்டால், சொந்த வாட்ஸ்அப்பும் கடை வாட்ஸ்அப்பும் ஒரே போனில் தனித்தனியாக ஓடும். சிம்முக்கு ஒரு ரிங்டோன் வைத்துவிட்டால், எடுப்பதற்கு முன்பே கடை போனா வீட்டுப் போனா என்று தெரிந்துவிடும்.

ஆனால் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்மும் காத்திருக்கும், பேசுவது ஒன்றில்தான். அந்தப் பெண்மணி சொந்த நம்பரில் நாத்தனாரோடு பேசிக்கொண்டிருக்கும்போது கடை நம்பருக்கு அழைப்பவருக்கு பிஸி டோன்கூடக் கேட்காமல் போகலாம். "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்ற அறிவிப்புதான் கேட்கும். இவர் போனில் மிஸ்டு காலும் பதிவாகாது. ஆர்டர் போனதே தெரியாமல் போய்விடும். விலை கூடிய சில போன்களிலும், வைஃபை காலிங் வசதி சரியாக அமைந்த போன்களிலும் இந்தச் சிக்கல் இருக்காது.

மற்றவர்களுக்கும் வழி உண்டு. போன் செயலியின் அமைப்புகளில் கடை சிம்மைத் தேர்ந்தெடுத்து, "Call forwarding" பகுதியில் "When unreachable" என்ற இடத்தில் சொந்த நம்பரைக் கொடுக்க வேண்டும். அதேபோல் சொந்த சிம்முக்கும் கடை நம்பரைக் கொடுக்கலாம். இரண்டிலும் "Call waiting" இயங்க வேண்டும். அதன்பின் ஒன்றில் பேசும்போது மற்றதற்கு வரும் அழைப்பு, காத்திருப்பு ஒலியாகக் காதில் விழும். இப்படித் திருப்பப்படும் அழைப்பு நம் கணக்கில் வெளி அழைப்பாகச் சேரும் என்பதால், ரீசார்ஜ் திட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இந்த வேலையை அமைப்புகளில் நாமே செய்ய வேண்டும். முன்பின் தெரியாதவர் போனில் சொல்லும் குறியீட்டை அழுத்தினால், நம் அழைப்புகள் மோசடிக்காரரின் நம்பருக்குத் திரும்பிவிடக்கூடும்.

விர்ச்சுவல் நம்பருக்கு சிம் கிடையாது. எக்ஸோடெல், மைஆபரேட்டர் போன்ற நிறுவனங்கள் நம்பரைத் தருகின்றன. அதற்கு வரும் அழைப்பு, நாம் சொல்லும் போன்களுக்குத் திருப்பிவிடப்படும். முதலில் அக்காவுக்கு, அவர் எடுக்காவிட்டால் பேக்கிங் பார்க்கும் தங்கைக்கு என்று வரிசை வைக்கலாம். யார் எப்போது அழைத்தார், யார் எடுத்தார் என்ற பட்டியலும் கிடைக்கும். இரண்டு மூன்று பேர் போன் எடுக்கும் தொழிலுக்கு இது சரியான ஏற்பாடு. மாதச் சந்தாவும் அடையாள ஆவணங்களும் தேவைப்படும்.

பணம் வாங்கும் இடத்தில்தான் இது கைகொடுக்காது. யுபிஐ செயலியைத் தொடங்கும்போது, வங்கிக் கணக்கோடு இணைந்த நம்பரின் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். சிம் இல்லாத நம்பரால் அது முடியாது. ஆகவே விர்ச்சுவல் நம்பர் வைத்திருப்பவரும் ஜிபேக்கு இன்னொரு நம்பரைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். மறைக்க நினைத்த சொந்த நம்பர் அந்த வழியாகவே வாடிக்கையாளர் கைக்குப் போய்விடலாம். இலவசமாக அமெரிக்க நம்பர் தரும் செயலிகளோ இங்கே உதவாது. உள்ளூர் வாடிக்கையாளருக்கு அது ஐஎஸ்டி அழைப்பு.

செலவையும் பார்க்கலாம். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டங்களைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. சொந்த சிம்மில் டேட்டா இருப்பதால் கடை சிம்முக்கு அந்தத் திட்டமே போதும். சேவை பிடிக்காவிட்டால், அதே நம்பரோடு வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியும். ரீசார்ஜை மறந்து நம்பரை நீண்ட நாள் சும்மா போட்டுவைத்தால் அது ரத்தாகி, பிறகு வேறொருவருக்குப் போகும்.

பொடி விற்கும் பெண்மணி தனியாளாகவே போன் எடுக்கிறார், பணமும் யுபிஐயில் வாங்குகிறார். அவருக்கு இரண்டாவது சிம்தான் பொருத்தம். தீபாவளி ஆர்டருக்கு ஆள் சேர்த்துக்கொள்ளும் நாளில் விர்ச்சுவல் நம்பரை யோசிக்கலாம். புது நம்பரோடு லேபிள் அச்சடிக்கக் கொடுக்கும் முன் ஒரு சோதனை மட்டும் பாக்கி. சொந்த நம்பரில் ஒருவரோடு பேசிக்கொண்டே, வேறொருவரைக் கடை நம்பருக்கு அழைக்கச் சொல்லி, அவருக்கு என்ன கேட்கிறது என்று விசாரிக்க வேண்டும்.