மஞ்சளும் நீலமும் சந்திக்கும் இடம்

கலர் பென்சிலில் அந்தி வானம் வரையும்போது சிக்கல் வருவது மஞ்சளும் நீலமும் தொடும் இடத்தில்தான். நேராக ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் வானம் பச்சையாகிவிடும். நடுவே இளஞ்சிவப்பு வேண்டும்.

சற்றுச் சொரசொரப்பான தாளில், அடிவானத்திலிருந்து மஞ்சளை அழுத்தாமல் சிறு வட்டங்களாகத் தேய்த்து, மேலே போகப் போக மெலிதாக்குங்கள். அது மறையும் முன்பே ஆரஞ்சு, பிறகு இளஞ்சிவப்பு, ஊதா, உச்சியில் நீலம். ஒவ்வொரு நிறமும் முந்தையதன்மேல் ஒரு விரல் அகலம் ஏற வேண்டும். இதே வரிசையில் நான்கைந்து முறை பூசுங்கள்.

முதல் பூச்சிலேயே அழுத்தினால் தாளின் நுண்குழிகள் மெழுகால் அடைபட்டு, அடுத்த நிறம் ஒட்டாமல் வழுக்கும். தாள் பளபளப்பதே அதன் அடையாளம். கடைசியில் வெள்ளைப் பென்சிலால் அழுத்தித் தேய்த்தால் கோடுகள் மறையும். ஆனால் நிறம் வெளிறும் என்பதால், நீலப் பகுதியில் நான் அதைத் தவிர்ப்பேன்.