முகூர்த்த நாளும் முன்பணமும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் உள்ள மீனாட்சிபுரத்திற்குப் பொள்ளாச்சி அண்மையில் இருக்கிறது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் திருமணத்திற்கு வேண்டிய துணிமணிகளையும் சீர்ப்பொருள்களையும் நெடுங்காலமாக எல்லைக்கு அப்பால் சென்று வாங்கி வந்தன. கடைக்குச் சென்று கண்ணால் பார்த்துப் பேரம் பேசி வாங்கிய பொருள்களில் சில இன்று இணையவழியில் பதிவு செய்யப்படுகின்றன. மணமக்கள் பெயர் அச்சிட்ட தாம்பூலப் பை அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு முதலும் கேரளத்தில் 2020ஆம் ஆண்டு முதலும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகள் தடை செய்யப்பட்டுள்ளதால், துணிப்பை திருமண வீடுகளில் மீண்டும் இடம்பிடித்துள்ளது.

மொத்தமாக ஒரு பொருளைச் செய்யச் சொல்லி வாங்குவதும், கடையில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. ஆயத்தமாக உள்ள பொருள் பிடிக்கவில்லையெனில் கடைக்காரர் அதனை வேறொருவருக்கு விற்கலாம். பெயர் அச்சிட்ட நானூறு பைகளை வேறு எந்தத் திருமண வீட்டாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே துணியை வெட்டுமுன் விற்பனையாளர் முன்பணம் கேட்பதில் நியாயம் உண்டு. அதே காரணத்தால், பணம் கைமாறிய பின் வாங்குபவரின் பிடி தளர்ந்துவிடுகிறது. முகூர்த்த நாள் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. காலமும் பணமும் பிணைந்து நிற்பதால் இரண்டையும் பதிவு செய்யும்போதே எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மீனாட்சிபுரத்தில் பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை திருமணம். தாம்பூலப் பை பொதுவாகக் குடும்பத்திற்கு ஒன்றாகவே கொடுக்கப்படும். எனவே விருந்தினரின் தலைகளை எண்ணாமல் வீடுகளை எண்ணி 400 பைகள் என முடிவு செய்கிறார்கள். திருப்பூரைச் சேர்ந்த இணைய விற்பனையாளர் ஒருவர் பை ஒன்றுக்கு 45 ரூபாய் வீதம் 18,000 ரூபாய் விலை சொல்கிறார். பாதித் தொகையான 9,000 ரூபாயை முன்பணமாகத் தர வேண்டும். மீதியைப் பொருள் புறப்படுமுன் செலுத்த வேண்டும். பதினைந்து நாளில் பை ஆயத்தமாகிவிடும் என்கிறார். குடும்பத்தார் ஜனவரி 3, சனிக்கிழமை முன்பணம் அனுப்புகிறார்கள். ஜனவரி 18ஆம் நாள் பைகள் வந்துவிடும், திருமணத்திற்கு இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

விற்பனையாளரின் கணக்கு வேறு. அவர் சொன்ன பதினைந்து நாள் வேலை நாள்களைக் குறிக்கும். அதுவும் பணம் வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. அச்சு மாதிரியை வாங்குபவர் பார்த்து ஒப்புதல் தந்த பின்னரே தொடங்கும். மணமகளின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி ஒப்புதல் தருவதற்கு ஜனவரி 7 ஆகிவிட்டது என்று கொள்வோம். ஜனவரி 8 முதல் எண்ணினால் 13ஆம் நாள் முடிய, ஞாயிறு நீங்கலாக, ஐந்து வேலை நாள்களே கிடைக்கின்றன. பிறகு பொங்கல் வருகிறது. திருப்பூரின் தொழிலாளர் பலர் வெளியூர்க்காரர். பண்டிகைக்குச் சொந்த ஊர் செல்வார்கள். பட்டறை 14 முதல் 18 வரை மூடிக்கிடந்தால் வேலை 19ஆம் நாள்தான் மீண்டும் தொடங்கும். குடியரசு நாளும் 25ஆம் நாள் ஞாயிறும் கழிய, பதினைந்தாம் வேலை நாள் ஜனவரி 30ஆக அமைகிறது. மறுநாள் சரக்கு புறப்பட்டு, இடையில் ஒரு ஞாயிறும் குறுக்கிட, மீனாட்சிபுரம் வந்து சேரப் பிப்ரவரி 4 அல்லது 5 ஆகிவிடும். அன்று கட்டைப் பிரித்து எண்ணி, முப்பது பை குறைகிறது என்று கண்டுபிடித்தாலும், அச்சுச் சாயம் கையில் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தாலும், புதிதாகச் செய்து வாங்க நாள் இல்லை.

இங்கே எவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பதினைந்து நாள்’ என்ற ஒரே சொற்றொடரை இருவர் இருவிதமாக எண்ணினார்கள். ஆகவே காலக்கெடுவை நாள்களின் எண்ணிக்கையாக எழுதாமல் தேதியாக எழுதுவதே முறை. அந்தத் தேதியும் திருமண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பெறப்பட வேண்டும். தேங்காய், வெற்றிலை, பாக்கு இட்டுப் பையை நிரப்பும் நாள் பிப்ரவரி 6. குறை கண்டால் ஈடுசெய்யக் குறைந்தது இரு வாரம் வேண்டும். அப்படியானால் சரக்கு ஜனவரி 23ஆம் நாளுக்குள் வீட்டில் இருக்க வேண்டும். பொங்கல் விடுமுறையைத் தாண்டி அதனை முடிக்க இயலாது. ஆகவே அச்சு வேலை பொங்கலுக்கு முன்பே முடிய வேண்டும். இக்குடும்பம் பதிவு செய்திருக்க வேண்டிய காலம் டிசம்பர் மாதத்தின் நடுப்பகுதி. தைப் பிறந்ததும் திருமணங்கள் பெருகுவதால் அப்போது பட்டறைகளில் வேலை குவியும் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

காலக்கெடு எழுத்தில் இருப்பதற்குச் சட்டத்திலும் பயன் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, காலம் இன்றியமையாதது என்ற கருத்துடன் செய்யப்பட்ட ஒப்பந்தம் உரிய காலத்தில் நிறைவேறாவிட்டால், அதனை முறித்துக்கொள்ள மறுதரப்புக்கு உரிமை அளிக்கிறது. ‘பிப்ரவரி 8 திருமணத்திற்காக இப்பைகள் வாங்கப்படுகின்றன, ஜனவரி 23ஆம் நாளுக்குள் மீனாட்சிபுரம் முகவரியில் ஒப்படைக்கப்பட வேண்டும், இக்காலக்கெடு இவ்வொப்பந்தத்தில் இன்றியமையாதது’ என்ற மூன்று சிறு தொடர்கள் அந்தக் கருத்தை ஐயமின்றி நிறுவிவிடும். அதே பிரிவில், பலர் அறியாத ஒரு நுட்பமும் உண்டு. தாமதமாக வந்த சரக்கை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும் வேளையிலேயே இழப்பீடு கோரப்போவதாகத் தெரிவிக்கவில்லையெனில், தாமதத்திற்காகப் பின்னர் இழப்பீடு கோர முடியாது. எனவே பிந்தி வந்த பையை வேறு வழியின்றி வாங்கிக்கொள்ள நேர்ந்தால், அன்றே அதனை எழுதி அனுப்பிவிட வேண்டும்.

இனி முன்பணத்தைப் பார்ப்போம். தமிழில் அச்சாரம் என்றும் முன்பணம் என்றும் இரு சொற்கள் உள்ளன. பேச்சில் இரண்டும் கலந்து வழங்கினாலும் அவை ஒன்றல்ல. அச்சாரம் என்பது ‘வாக்குத் தவறமாட்டேன்’ என்பதற்கு அடையாளமாகத் தரும் சிறுதொகை; தந்தவர் பின்வாங்கினால் அதனை இழப்பார். முன்பணம் என்பது விலையின் ஒரு பகுதியை முன்கூட்டிச் செலுத்துவது. 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் வழக்கில் இவ்வேறுபாடு தெளிவாயிற்று. 1,12,500 ரூபாய் விலை பேசிய சொத்துக்கு வாங்குபவர் 1,000 ரூபாயை அச்சாரமாகவும் 24,000 ரூபாயை விலையின் பகுதியாகவும் தந்திருந்தார். ஒப்பந்தம் முறிந்தபோது அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய இசையவில்லை. உடன்பாட்டில் எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டிற்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது என்பது 74ஆம் பிரிவின் கருத்து.

இதனைத் தாம்பூலப் பைக்குப் பொருத்தினால் பணத்தைப் பிரிக்கும் முறை தானே விளங்கும். பாதியை ஒரே தவணையில் தருவதைவிட, வேலை நகரும் படிகளோடு பணத்தை நகர்த்துவது நல்லது. பதிவு செய்யும்போது அச்சாரமாக 3,600 ரூபாய். ஒரு பையைத் தைத்து அச்சிட்டு மாதிரியாக அனுப்பி, அதற்கு ஒப்புதல் தந்ததும் 7,200 ரூபாய். மீதி 7,200 ரூபாய் சரக்கு வந்து எண்ணிய பிறகு. இரண்டாம் தவணை துணி வாங்கவும் வெட்டவும் போதுமானதாக இருப்பதால் விற்பனையாளர் தம் கைக்காசை முழுவதும் முடக்க வேண்டியதில்லை. கடைசித் தவணை அவர் பக்கம் சேராதவரை, எண்ணிக்கைக் குறையைச் சரிசெய்ய அவருக்கும் அக்கறை இருக்கும். முழுத்தொகையும் செலுத்தாமல் சரக்கை அனுப்பமாட்டேன் என்று சிலர் சொல்வார்கள். முன்பின் அறியாத வெளிமாநில வாடிக்கையாளரிடம் அவ்வாறு கேட்பது இயல்பே. அப்போது கட்டு கட்டுமுன் பைகளை எண்ணிக் காட்டும் காணொளியைப் பெற்று, ஒரு சிறு பகுதியையாவது நிறுத்திவைக்கப் பேசலாம்.

பணம் யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேறு மாநிலத்திற்குப் பொருள் விற்பவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருக்க வேண்டும். பதினைந்து இடங்கள் கொண்ட அந்தப் பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டிற்கு 33, கேரளத்திற்கு 32. திருப்பூர் நிறுவனம் என்று சொல்லிக்கொள்பவரின் எண் வேறு இலக்கத்தில் தொடங்கினால் காரணம் கேட்க வேண்டும். அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணை இட்டால் நிறுவனத்தின் பெயர் தெரியும். அந்தப் பெயரும், பணம் செலுத்தும் வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் அச்சாரம்கூட அனுப்பலாகாது.

முகவரியிலும் ஒரு சிக்கல் உண்டு. மீனாட்சிபுரம் என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் ஊர்கள் பல உள்ளன. ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் கட்டு வேறொரு மீனாட்சிபுரத்திற்குப் போய்ச் சுற்றும். சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம், கேரளம் என்பதோடு அஞ்சல் குறியீட்டு எண்ணையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இவ்வளவு செய்தும் பை பிந்தினால் என்ன வழி? 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, சொன்ன காலத்திற்குப் பிந்தி வந்த பொருளையோ, ஒப்புக்கொண்ட தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. வெள்ளம் போன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்த தாமதத்திற்கு இது பொருந்தாது. முறையீட்டைப் பெற்றதாக 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. பயன் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

எல்லையோர மக்களுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூடுதலான வசதி ஒன்றைத் தந்துள்ளது. முந்தைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட இயலும்; அதனால் மாநிலம் விட்டு மாநிலம் அலைய நேரும். இப்போது முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். திருப்பூர் விற்பனையாளர்மீது மீனாட்சிபுரத்துக் குடும்பம் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சத்திற்கு மேற்படாததால் கட்டணமும் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஆனால் இவ்வுரிமை சொந்தப் பயனுக்கு வாங்கியவருக்கே உரியது; பைகளை வாங்கி இலாபத்திற்கு மறுவிற்பனை செய்யும் ஒப்பந்தக்காரர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆணையம் கேட்கும் சான்றுகள், தேதி குறித்த ஒப்பந்தம், பணம் செலுத்திய பதிவு, ஒப்புதல் தந்த அச்சு மாதிரி, கட்டைப் பிரித்தபோது எடுத்த படம் ஆகியவையே. கைப்பேசியில் பேசி முடித்த உடன்பாட்டை அன்றே ஒரு குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற மறுமொழியைப் பெற்றுவைத்தால் அதுவும் சான்றாகப் பயன்படும்.